சால்வையின் சதுரம்

“பேத்திங்க. மூக்கு அப்படியே என் மூக்கு.”

“அண்ணே, சட்டை எத்தனைனு கேட்டேன்.”

கடையில் துணி மூட்டையை இறக்கும்போதெல்லாம் எனக்கும் டேக் அக்காவுக்கும் இப்படித்தான் பேச்சு தொடங்கும். நான் சலவைக் கடையின் வேன் ஓட்டுகிறவன். வீடு வீடாகப் போய் அழுக்குத் துணி வாங்கி வருவேன், வெளுத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். கவுண்டரில் நின்று அதை எண்ணி வாங்கி, அது எந்தத் தண்ணீருக்கு, எந்தச் சூட்டுக்குப் போக வேண்டும் என்று பிரித்து வைப்பவர் டேக் அக்கா. என்னைவிட இளையவர்தான். ஆனாலும் முதலாளி முதல் தேய்க்கிறவர் வரை எல்லோருக்கும் அவர் அக்கா.

கவுண்டருக்குப் பின்னால் அவருக்கு ஒரு ஸ்டூல் உண்டு. அதில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நின்றபடியே வேலை, நின்றபடியே சாப்பாடு. கை சும்மா இருந்தால் முழங்கால் ஆடும். முழங்காலை யாராவது பார்த்துவிட்டால் பேனா மூடியைக் கடிப்பார். வீட்டிலும் இதே கதைதான் என்று அவர் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். “கழுவின பாத்திரத்த மறுபடி எடுத்துக் கழுவுவா. கேட்டா, சும்மா இருந்தா தூக்கம் வருதுங்கறா. வரட்டுமே, ராத்திரிதானே!”

டேக் அக்கா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் ஒரு தையல் கம்பெனியில் வேலை. சட்டையின் உள்பக்கத் தையலில் டேக் வைத்துத் தைப்பது மட்டும்தான் அவர் வேலை. எதிரே ஒரு பெட்டி நிறைய டேக் இருக்கும். எடுப்பார், மடிப்பார், தையலுக்குள் சொருகுவார், மிஷினை மிதிப்பார். தண்ணித் தொட்டி, முக்கோணம், சதுரம், இஸ்திரிப் பெட்டி, வட்டம் என்று அதில் வரிசையாகப் படங்கள். அதெல்லாம் கம்பெனியின் முத்திரை என்று நினைத்திருந்தாராம்.

“அந்தச் சதுரத்த ஜன்னல்னு நெனச்சுக்கிட்டிருந்தேண்ணே,” என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். “நடுவுல கோடு போட்டா கம்பி வச்ச ஜன்னல். வட்டம் போட்டா நெலா தெரியற ஜன்னல்.”

கம்பெனியை மூடிவிட்டார்கள். இந்தக் கடையில் வேலைக்கு வந்தார். முதல் நாள் கவுண்டருக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த பெரிய அட்டையைப் பார்த்தார். அதே தொட்டி, அதே முக்கோணம், அதே ஜன்னல். பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம். அன்றைக்கு மதியம் சாப்பிடாமல் அந்த அட்டை முன்னாலேயே நின்றாராம்.

“பன்னெண்டு வருஷமா ஊருக்கெல்லாம் லெட்டர் போட்டுக்கிட்டே இருந்திருக்கேன். உள்ள என்ன எழுதியிருக்குனே தெரியாம!”

அதற்குப் பிறகு யார் எதைக் கேட்டாலும் சொல்லத் தொடங்கினார். கடையில் துணி கொடுத்தவர்கள் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்கள். வீட்டில் துவைக்கும் துணிக்கும் டேக்கைப் போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்டார்கள். அவர்களிடமிருந்து இன்னும் நாலு பேருக்கு நம்பர் போனது. அவருக்கு எழுத நேரமாகும் என்பதால் பேசித்தான் அனுப்புவார். நான் மூட்டை இறக்கும்போது கேட்டுக்கொண்டே இருப்பேன்.

“தொட்டிக்குள்ள முப்பதுனு போட்டிருக்குல்ல தம்பி, முப்பது டிகிரிக்கு மேல சூடு கூடாது. அடியில ஒரு கோடு இருக்கு பாருங்க, அப்படின்னா மிஷின்ல மெதுவா சுத்தற மாதிரி வைக்கணும். முக்கோணத்துல பெருக்கல் போட்டிருக்கு, பிளீச் போடாதீங்க. சதுரத்துக்குள்ள வட்டம், அது மேலயும் பெருக்கல். காயவைக்கிற மிஷின்ல போடக் கூடாது.”

ஒரு பையன் ஒருமுறை கேட்டான்: “அக்கா, இஸ்திரிப் பெட்டில ரெண்டு புள்ளி இருக்கு. ரெண்டு தடவ தேய்க்கணுமா?”

“ஒரு தடவ தேய்ச்சா போதும் ராசா. புள்ளி, சூட்டோட கணக்கு. ஒண்ணுன்னா கொஞ்சம் சூடு, ரெண்டுன்னா நடுத்தரம், மூணுன்னா நல்ல சூடு.”

தொட்டிக்குள் கை படம் பார்த்துவிட்டு, “துவைக்காதே, நில்லுனு சொல்லுதா?” என்று கேட்ட அம்மாவும் உண்டு. “நில்லுனு சொல்லலம்மா, கையால துவைங்கனு சொல்லுது” என்று சொல்லிவிட்டு அன்று முழுவதும் அக்கா சிரித்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் ஒரு நாள் அந்தச் சிரிப்பு நின்றது. அது என் வீட்டுத் துணியால்.

என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று வாரம். மகளும் குழந்தையும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு அக்கா. கல்யாணத்தில் ஏதோ ஒரு பேச்சு வந்து, அந்த அம்மா என் மகளோடு ஒரு வருடத்துக்கு மேல் பேசவில்லை. குழந்தை பிறந்த செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொட்டில் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு கம்பளிச் சால்வையை எடுத்துக் கொடுத்தார். வெள்ளைப் பின்னல், ஓரத்தில் மஞ்சள் வாத்துகள் வரிசையாக. அவருடைய மகனை முதன்முதலில் சுற்றிய சால்வை. அவன் இப்போது மீசை வளர்க்கிறான்.

“குளிருக்குப் போத்திக்கட்டும். ஆனா எனக்குத் திரும்பி வேணும்” என்றார். அவர் என் மகளிடம் ஒரு வருடத்துக்குப் பிறகு பேசிய பேச்சு அவ்வளவுதான். ஆனாலும் என் மகளுக்கு அது போதுமானதாக இருந்தது. அந்தச் சால்வையைத் தங்கம் மாதிரி வைத்திருந்தாள்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அவர் குழந்தையைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். காலையில் என் பேத்தி குடித்த பால் முழுவதையும் சால்வை மேல் கக்கிவிட்டாள். (கக்கினாலும் அவள் முகத்தைச் சுளிப்பதே ஒரு அழகு. அதைச் சொல்லப் போனால் டேக் அக்கா, “சட்டை எத்தனைண்ணே?” என்பார்.)

மகள் எனக்குப் போன் பண்ணவில்லை. நேராக டேக் அக்காவுக்கு டேக்கைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். நான் கடையில்தான் இருந்தேன். அக்கா போனை எனக்குக் காட்டினார்.

“ஒங்க வீட்டுச் சால்வைதாண்ணே. தொட்டிக்குள்ள கை, முக்கோணத்துல பெருக்கல், மிஷின் வட்டத்துல பெருக்கல், பெட்டில ஒரு புள்ளி, கடைசி வட்டத்துல டிரை கிளீன் எழுத்து. எல்லாம் தெரியுது. நடுவுல காயவைக்கிற சதுரத்து மேல உங்க பொண்ணு கட்டைவிரல் இருக்கு.”

கட்டைவிரலை எடுத்துவிட்டு இன்னொரு போட்டோ அனுப்பச் சொன்னார். அது வர நேரமாயிற்று. வந்தது. ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் எடுத்திருக்கிறாள். சதுரம் பளிச்சென்று தெரியட்டும் என்று சுற்றியிருந்ததையெல்லாம் வெட்டிவிட்டு, அந்தச் சதுரத்தை மட்டும் பெரிதாக்கி அனுப்பியிருந்தாள். உள்ளே மேலிருந்து கீழாக ஒரு கோடு. ஒரு மூலையில் சின்னதாக ஒரு சாய்கோடு.

டேக் அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பேனா மூடியைக் கடித்தார்.

“என்னம்மா?” என்றேன்.

“கம்பளியக் கொடியில போடச் சொல்றான். வழக்கமா விரிச்சுப் போடத்தான் சொல்லுவாங்க.” தோளைக் குலுக்கினார். “செஞ்சவனுக்குத் தெரியாததா? டேக்ல இருக்கறதுதான் பேச்சு.”

போனில் பேசி அனுப்பினார்: “பாப்பாம்மா, வெதுவெதுனு தண்ணி எடுத்துக்க. கொதிக்கிறது வேண்டாம். கம்பளிக்குன்னு இருக்கற திரவ சோப்பு ரெண்டு சொட்டு. முக்கி முக்கி எடு. தேய்க்காத, பிழியாத. தண்ணி வடிஞ்சதும் பெரிய துண்டுல வச்சுச் சுருட்டி அமுக்கு, ஈரத்தத் துண்டு இழுத்துக்கும். அப்புறம் கொடியில போடு, நிழல்ல. மூலைல சாய்கோடு இருந்தா வெயில் படக் கூடாதுனு அர்த்தம். தேய்க்கணும்னா ஒரு புள்ளிச் சூடுதான், மேல ஒரு பருத்தித் துணி போட்டு. ஆனா தேய்க்காமலே விட்டுடு, பின்னல் அமுங்கிடும்.”

“சரிக்கா” என்று மகளிடமிருந்து பதில் வந்தது. நான் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மதியம் திரும்பி வந்தபோது அக்கா ஒரு சட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் நம்பர் குத்திவிட்டு, பக்கத் தையலைத் திருப்பி டேக்கைப் பார்த்தார். முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது. அவர் முழங்கால் அப்படி நடுவில் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“அண்ணே, இங்க வாங்க.”

சட்டையின் டேக்கில் அதே மாதிரி சதுரம். மேலிருந்து கீழாகக் கோடு. சாய்கோடும் இருந்தது, இடது பக்கம் மேல் மூலையில். அக்கா தன் போனைத் திறந்து என் மகள் அனுப்பிய சதுரத்தைப் பக்கத்தில் வைத்தார். அதில் சாய்கோடு வலது பக்கம் மேல் மூலையில் இருந்தது.

“நிழல் கோடு எப்பவும் இடது மேல் மூலைதான்,” என்றார். போனை மெல்லத் திருப்பினார். சாய்கோடு இடது மேல் மூலைக்கு வந்தது. நின்றுகொண்டிருந்த கோடு படுத்துக்கொண்டது.

எனக்குப் புரியவில்லை. “அதனால என்ன?”

“நிக்கற கோடுன்னா கொடியில போடு. படுத்த கோடுன்னா கீழ விரிச்சுப் போடு. போன படுக்கவச்சு எடுத்திருக்கா, படம் திரும்பிடுச்சு. தொட்டி திரும்பினா தொட்டி சாஞ்சிருக்குனு தெரியும். பெட்டி திரும்பினா தெரியும். சதுரத்த எப்படித் திருப்பினாலும் சதுரந்தானே! நான்தான் மூலையப் பாத்திருக்கணும்.”

“கொடியில போட்டா என்னாகும்?”

“ஈரக் கம்பளி அண்ணே. தன் கனத்தத் தானே தாங்காது. இழுத்துக்கிட்டே போகும். ஈரமா இருக்கறப்பப் பிடிச்சாச் சரி பண்ணிடலாம். நீண்டபடியே காஞ்சிடுச்சுன்னா அந்த நீளத்துலயே நின்னுடும்.”

மகளுக்குப் போன் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தது. அது ஏன் என்று எனக்குத் தெரியும். நான் அடிக்கடி கூப்பிட்டுக் குழந்தை என்ன செய்கிறது என்று கேட்கிறேன் என்பதற்காக அவள் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிடுகிறாள். சரி, என் மனைவிக்கு அடிக்கலாம் என்று அடித்தேன். என் சட்டைப் பையிலேயே மணி அடித்தது. பேத்தியின் போட்டோ எல்லாம் அவள் போனில்தான் இருக்கிறது. எல்லோருக்கும் காட்டலாம் என்று காலையில் எடுத்து வந்திருந்தேன்.

டேக் அக்கா என் பையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். “வண்டி எடுங்க” என்றார்.

“கவுண்டரு?”

“முதலாளி நிக்கட்டும். ஸ்டூல் காலியாத்தான கெடக்கு.”

வேனில் அவரை ஏற்றியது அதுதான் முதல் முறை. சீட்டில் உட்கார்ந்தார் என்று சொல்ல முடியாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அரை உயரத்தில் இருந்தார். தெருவில் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு வண்டி போகும் அளவுதான் வழி. எதிரே ஒரு லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது, முன்னால் போவதா, நிற்பதா என்று அதற்கே தெரியாத மாதிரி.

“இறங்கி நடந்தா நான் முன்னாடி போயிடுவேன்” என்று கதவைத் திறந்து இறங்கினார். லாரி நகர்ந்தது. நான் ஐம்பது அடி போய் அவர் பக்கத்தில் நிறுத்தினேன். ஏறினார். மறுபடி நின்றோம். மறுபடி இறங்கினார்.

“ஏம்மா, ஒண்ணு ஏறு, இல்லாட்டி நட. எனக்குத் தலை சுத்துது.”

“ஒங்களுக்குத் தலை சுத்துது. அங்க வாத்துக்குக் கழுத்து நீளுது.”

ஏறிக்கொண்டார். வழியெல்லாம் மாடிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்காவது கொடியில் துணி ஆடினால், “காத்து அடிக்குதுண்ணே, காஞ்சிடும்” என்பார். ஆடாவிட்டால், “காத்தே இல்ல, கனம் அப்படியே இழுக்கும்” என்பார். எதுவாக இருந்தாலும் அவருக்கு ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்த அம்மா சால்வையை நீட்டியபோது என் மகள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்த அன்றைக்கே, “இது கெட்டா அண்ணி மறுபடி பேச மாட்டாங்கப்பா” என்று அவள் சொன்னதும் ஞாபகம் வந்தது.

மூன்று மாடி ஏறி வந்து பார்த்தால் வாசலில் புதிதாக ஒரு ஜோடி செருப்பு. சாயங்காலம் என்று சொன்னவர் அப்போதே வந்துவிட்டார்.

என் மனைவி கதவைத் திறந்தாள். வாயில் விரலை வைத்தாள். உள் அறையிலிருந்து அந்த அம்மா குழந்தையோடு பேசும் சத்தம் கேட்டது. நாங்கள் கூடத்தைத் தாண்டிப் பூனை மாதிரி பால்கனிக்குப் போனோம். என் மகள் அங்கே கொடிப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

“அக்கா, நீங்க சொன்ன மாதிரிதான் பண்ணினேன். இப்படி ஆயிடுச்சு.”

சால்வையை இரண்டு மூலையிலும் கிளிப் போட்டு மாட்டியிருந்தாள். மேலே இரண்டு மூலையும் ஆட்டுக் காது மாதிரி நீண்டிருந்தது. சதுரமாக இருந்தது ஒரு ஆள் உயரத்துக்குத் தொங்கியது. ஓரத்து வாத்துகளெல்லாம் கொக்காகியிருந்தன. மேல்பாதி காயத் தொடங்கிவிட்டது. தண்ணீரெல்லாம் கீழே இறங்கிக் கீழ்ப்பாதி கனத்துக் கிடந்தது.

டேக் அக்கா இரண்டு கையையும் சால்வைக்கு அடியில் கொடுத்து, பிள்ளையைத் தாங்குகிற மாதிரி கனத்தைத் தாங்கிக்கொண்டார். “கிளிப்ப எடு, பாப்பாம்மா” என்றார். அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். சாப்பாட்டு மேசை மேல் மனைவி இரண்டு துண்டை விரித்தாள். அதன் மேல் சால்வையைப் படுக்கவைத்தார். காய்ந்த பக்கத்துக்குக் கையால் தண்ணீர் தெளித்தார்.

“ஈரம் இருக்கற வரைக்கும் இது கேக்கும்” என்றார் மெதுவாக. “இழுக்கக் கூடாது. ஓரத்துலேர்ந்து நடுவுக்குத் தட்டித் தட்டிச் சேக்கணும்.” தட்டத் தொடங்கினார். நீளம் குறைந்தது. அகலம் கூடியது. கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துவிட்டு நின்றார்.

“என்னக்கா?” என்றாள் மகள்.

“எங்க நிறுத்தறதுனு தெரியல. இது மொதல்ல எவ்வளவு இருந்துச்சு?”

“சதுரமா இருந்துச்சு.”

“எவ்வளவு சதுரம்?”

மகள் கையை விரித்துக் காட்டினாள். மனைவி வேறு மாதிரி விரித்துக் காட்டினாள். நான் ஒன்று காட்டினேன். மூன்றும் மூன்று அளவு.

“குத்துமதிப்பா வைங்கம்மா,” என்றாள் மனைவி, அறைப் பக்கம் பார்த்துக்கொண்டே. “காஞ்சதும் மடிச்சுக் கொடுத்துடலாம். அவங்களுக்கு எங்க தெரியப் போகுது?”

“அவங்களுக்கு மட்டுந்தான் தெரியும்” என்றார் டேக் அக்கா. “அதனாலதான் கூப்பிடணும்.”

“வேண்டாம்க்கா!” என்று மகள் அவர் கையைப் பிடித்தாள். “ஒரு வருஷம் கழிச்சு இப்பத்தான் பேசறாங்க.”

“காஞ்ச பெறகு தெரிஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது பாப்பாம்மா. இப்ப தெரிஞ்சா ரெண்டு கை கூடக் கெடைக்கும். திட்டு எனக்கு வரும். வரட்டும், நின்னு வாங்கிக்கறேன். எப்படியும் நிக்கத்தான போறேன்.”

அவரே போய் அறை வாசலில் நின்றார். நான் பின்னால் போனேன். மாப்பிள்ளையின் அக்கா கட்டிலில் உட்கார்ந்து மடியில் என் பேத்தியை வைத்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“யாரு இவங்க மாமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் டேக் அக்கா சொன்னார்: “நான் சலவைக் கடைல வேலை செய்யறவங்க. உங்க சால்வையக் கொடியில போடச் சொன்னது நான்தான். தப்பாச் சொல்லிட்டேன். விரிச்சுப் போட்டிருக்கணும். நீண்டுபோச்சு. சரி பண்ணலாம், ஆனா பழைய அளவு வேணும். அது ஒங்களுக்குத்தான் தெரியும். ஈரம் காயறதுக்குள்ள வரணும்.”

ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். அந்த அம்மா அவரையே பார்த்தார். பிறகு எழுந்து வந்தார். வழியில் என் பேத்தியை என் கையில் கொடுத்தார். காலையிலிருந்து என் கைக்கு வராத குழந்தை அப்போதுதான் வந்தது. எனக்குச் சந்தோஷப்படவும் பயமாக இருந்தது.

அந்த அம்மா மேசையைப் பார்த்து நின்றார். வாத்துகளைப் பார்த்தார். வாய் இறுகியது.

“பதினெட்டு வருஷமா வச்சிருந்தேன்” என்றார்.

“இத நான் எப்பவும் பாய்ல விரிச்சுத்தான் காயவைப்பேன். கொடியில போட்டதே இல்ல.” என் மகள் பக்கம் திரும்பினார். “இதப் போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பிக் கேட்டிருக்க. எனக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமில்ல?”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். “கேக்கப் பயமா இருந்துச்சு அண்ணி.”

“பயமா? நான் என்ன புலியா?”

என் பேத்தி தும்மினாள்.

அந்த அம்மா குழந்தையைப் பார்த்தார். பிறகு வளையலைக் கழற்றி மேசை ஓரத்தில் வைத்தார். கையை விரித்துச் சால்வையின் ஓரத்தில் சாண் போட்டார். “என் கைக்கு அஞ்சு சாண். எந்தப் பக்கம் அளந்தாலும் அஞ்சு. அவனச் சுத்தறப்ப எந்த மூலைய மடிச்சாலும் சரியா வரும்.”

“அஞ்சு சாணா?” டேக் அக்கா உடனே இன்னொரு பக்கம் போனார். “அப்ப நீங்க அந்த ஓரத்தப் பிடிங்க. இழுக்காதீங்க, தள்ளுங்க. உள்ளங்கையால.”

“எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சவங்க ஏன் விரலால தள்ளறீங்க?”

அந்த அம்மா டேக் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். உள்ளங்கையை வைத்தார். மகள் மூன்றாவது பக்கம் போனாள். தட்டினார்கள், தள்ளினார்கள், சாண் போட்டார்கள். ஒரு பக்கம் சரியானால் இன்னொரு பக்கம் கூடியது. திரும்பத் தட்டினார்கள். ஒவ்வொரு வாத்தாக நாத்தனார் கட்டைவிரலால் அமுக்கிக் குட்டையாக்கினார். “இது தலை, இது வால்” என்று என் மகளுக்குக் காட்டினார். இவளும் அமுக்கினாள். “அப்படி இல்ல, கொஞ்சம் மேல” என்றார். அவள் கையைப் பிடித்து வைத்தார்.

மூன்று பக்கம் அஞ்சு சாணுக்கு வந்தது. நாலாவது பக்கத்தில் ஒரு மூலை மட்டும் கேட்கவில்லை. அந்த மூலை கிளிப் இருந்த இடம். எவ்வளவு தட்டினாலும் ஒரு விரல் அளவு நீட்டிக்கொண்டே இருந்தது.

“இது நிக்கும்” என்றார் டேக் அக்கா. “மன்னிச்சுக்கங்க.”

அந்த அம்மா அந்த மூலையைத் தொட்டுப் பார்த்தார். “கால் பக்கம் போட்டுக்கலாம். பிள்ளைக்குத் தெரியவா போகுது?” என்றார். பிறகு நாற்காலியை இழுத்து மேசை பக்கத்தில் உட்கார்ந்தார். “காயற வரைக்கும் யாரும் இதத் தொடக் கூடாது. நான் இங்கதான் இருப்பேன்.”

கம்பளி படுக்கைவாட்டில் காய எவ்வளவு நேரமாகும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இரவு சாப்பாட்டைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மறுநாள் சாயங்காலம் வரை அந்த அம்மா எங்கள் வீட்டில்தான் இருந்தார். அடியில் இருந்த துண்டை மாற்றினார், சால்வையைத் திருப்பிப் போட்டார், நடுநடுவே என் பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டார். குழந்தை என் கைக்கு வரவே இல்லை. மகளும் அவரும் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் பக்கத்தில் போனால் நிறுத்திவிடுவார்கள். கிளம்பும்போது சால்வையை மடித்து வைத்தார். தன் பையில் வைக்கவில்லை, தொட்டிலில் வைத்தார்.

டேக் அக்காவை நான் அன்று மதியமே கடையில் கொண்டுவந்து விட்டுவிட்டேன். வழியில் முழங்கால் மறுபடி ஆடத் தொடங்கியது. கடைக்குள் போனதும் முதல் வேலையாகப் போனை எடுத்து, டேக் அனுப்புகிற எல்லோருக்கும் ஒரே பேச்சை அனுப்பினார்: “இனிமே யாரும் ஒரு படத்த மட்டும் வெட்டி அனுப்பாதீங்க. முழு டேக்கையும் எடுங்க. கூட ஒரு எழுத்தாவது தெரியணும். எழுத்து நேரா இருந்தாத்தான் கோடு நிக்குதா படுத்திருக்கானு எனக்குத் தெரியும். பின்பக்கமும் எடுங்க. பிளாஷ் போடாதீங்க, டேக் மின்னுது. கையில பிள்ளைய வச்சுக்கிட்டு எடுக்காதீங்க.”

அதற்குப் பிறகு எந்த டேக் வந்தாலும் போனை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார். தேய்க்கிறவர் கிண்டல் பண்ணுகிறார், ஸ்டியரிங் பிடிக்கிறார் என்று. அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இன்று காலை மூட்டையை இறக்கிவிட்டு மனைவியின் போனை எடுத்தேன். நேற்று எடுத்த போட்டோ. சால்வைக்குள் சுற்றிய என் பேத்தி. மூக்கு நன்றாகத் தெரியட்டும் என்று அதை மட்டும் பெரிதாக்கி, மற்றதையெல்லாம் வெட்டி வைத்திருந்தேன். டேக் அக்கா வாங்கிப் பார்த்தார். போனை இடது பக்கம் திருப்பினார். வலது பக்கம் திருப்பினார். தலைகீழாகவும் ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“அண்ணே, இதுல நிக்குதா, படுத்திருக்கானே தெரியல. போய்ப் பிள்ளைய முழுசா எடுத்துட்டு வாங்க, அப்புறம் மூக்கு யாருதுனு சொல்றேன்.”